ஆதார் குடுத்தும் பிஎம் கிசான் பணம் வரல

"பேங்க்ல ஆதார் குடுத்தாச்சு, ஆனா தவணை பெயில், ஸ்டேட்டஸ்ல Aadhaar number not mapped to IINனு வருது, என்ன அர்த்தம்?"

எந்த ஆதாருக்கு எந்த பேங்க்னு வச்சிருக்குற என்பிசிஐ மேப்பர்ங்கிற பட்டியல்ல உங்க ஆதாருக்கு நேரா எந்த பேங்க் பேரும் இல்லைனு அர்த்தம். IINங்கிறது பேங்கோட அடையாள நம்பர். இந்தப் பணம் அக்கவுண்ட் நம்பரைப் பாத்து வராது, ஆதாரை வச்சு மேப்பர்ல இருக்குற பேங்குக்குத்தான் போகும்.

பெரும்பாலும் நடக்குறது இதுதான், நீங்க குடுத்த ஆதாரை கேஒய்சிக்கு மட்டும் ஏத்திட்டு சீடிங், அதாவது மேப்பர்ல பேங்க் பேரைச் சேர்க்குறது, பண்ணாம விட்டிருப்பாங்க, பாஸ்புக்க பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

1. மைஆதார் தளத்துல ஓடிபி போட்டு லாகின் பண்ணி Bank Seeding Status பாருங்க. பேங்க் பேரும் Activeனும் இருக்கணும்.

2. இல்லைனா பிராஞ்ச்ல "டிபிடிக்கு ஆதார் சீடிங் பண்ணணும்"னு கேட்டு, சம்மதப் படிவம் எழுதிக் குடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கிக்கோங்க. சும்மா "ஆதார் லிங்க்"னு சொன்னா மறுபடி கேஒய்சிதான் பண்ணுவாங்க. சில நாள் கழிச்சு அதே பக்கத்துல திரும்பப் பாருங்க.

ஒண்ணு கவனிங்க, மேப்பர்ல ஒரு ஆதாருக்கு ஒரு பேங்க்தான், கடைசியா சீடிங் பண்ணதுதான் நிக்கும். அதனால கேஸ் மானியம் மாதிரி ஆதார் வழியா வர்ற மத்த பணமும் இனி அங்கதான் விழும், நீங்க தொடர்ந்து வரவு செலவு பண்ற அக்கவுண்டையே குடுங்க.