டியூஷன் சென்டர் நோட்டீஸ்: ரிசல்ட், ஃபீஸ், இடம்

கேள்வி: சின்ன டியூஷன் சென்டர் நடத்துகிறேன், முப்பது பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜூனுக்கு முன்னால் ஒரு பக்க நோட்டீஸ் அடிக்கப் போகிறேன். ரிசல்ட், ஃபீஸ், இடம் மூன்றையும் பெற்றோருக்குப் புரிகிற மாதிரி எப்படிப் போடுவது?

நான் முதல் வருஷம் அடித்த நோட்டீஸில் "100% தேர்ச்சி" என்று பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தேன். ஃபீஸுக்கு "நேரில் அணுகவும்". வந்த போன்களில் பெரும்பாலானவை "மாசம் எவ்ளோ சார்?", "அது எந்தப் பக்கம் சார்?" என்பவைதான். ரிசல்ட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? 2025-இல் பத்தாம் வகுப்பில் தமிழகம் முழுக்கவே 93.80 சதவீதம் பாஸ். டியூஷனுக்கே போகாத பக்கத்து வீட்டுப் பையனும் பாஸ் ஆகியிருப்பான்.

அடுத்த வருஷம் மாற்றிப் போட்டேன். கணக்குக்கு மட்டும், இப்படி: "பத்தாம் வகுப்பு கணக்கு, 14 பேர். 90-க்கு மேல் 3 பேர், 70 முதல் 89 வரை 5, 50 முதல் 69 வரை 4, 35 முதல் 49 வரை 2." அதற்குக் கீழே ஒரு வரி: "ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் 35 எடுக்காமல் எங்களிடம் சேர்ந்தவர்கள் 4 பேர். நால்வரும் பாஸ்." இந்த இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் ஆட்கள் வந்தார்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளையை வைத்திருக்கிற அம்மாவுக்கு 98 எடுத்த பெண்ணின் போட்டோவால் என்ன பயன்? தன் பிள்ளை மாதிரி ஒருவன் எங்கே போய்ச் சேர்ந்தான் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

அந்த 14-ஐ எப்படி எண்ணினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டுக்குள் சேர்ந்து பொதுத்தேர்வு வரை வந்தவர்கள் மட்டும். பிப்ரவரியில் ரிவிஷனுக்கு வந்து ஒட்டிக்கொண்ட இரண்டு பேர் 95-க்கு மேல் எடுத்தார்கள். ஆசையாகத்தான் இருந்தது, சேர்க்கவில்லை. ஊர் சின்னது, யார் எப்போது சேர்ந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிள்ளையின் பெயரோ போட்டோவோ போடுவதாக இருந்தால், ரிசல்ட் வந்த பிறகு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சேரும்போதே படிவத்தில் கையெழுத்து வாங்கி வைப்பது கூடாது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைச் சொல்கிறது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கிற சென்டர்களுக்குத்தான் அது, ஆனால் முப்பது பேருக்கும் நல்ல பழக்கமே.

ஃபீஸை மாதக் கணக்கில் மட்டும் போட்டால் சண்டை வரும். "மே மாசமும் கட்டணுமா?" என்று கேட்பார்கள். நான் போட்டது: "கணக்கு, அறிவியல் இரண்டும் சேர்த்து மாதம் 900 ரூபாய். ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம். டெஸ்ட் பேப்பர் ஜெராக்ஸ் வருஷத்துக்கு 400. ஆக வருஷம் முழுவதற்கும் 9,400. சேர்க்கைக் கட்டணம் கிடையாது." மொத்தத் தொகையைப் பார்த்துப் பயந்து போய்விடுவார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். சிலர் போனார்கள்தான். ஆனால் கட்ட முடியாதவர்கள் வந்து உட்கார்ந்து டிசம்பரில் நிற்பதைவிட அது மேல். ஃபீஸ் பக்கத்திலேயே நேரத்தையும் போடுங்கள், "திங்கள் முதல் வெள்ளி, மாலை 6 முதல் 7.30" என்று. பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள் முடிகிற நேரத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இடத்துக்குக் கதவு எண், தெருப் பெயர் போதாது. பஸ் ஸ்டாப்பில் இறங்கியவருக்கு வழி சொல்வது போல எழுதுங்கள்: "ஸ்டாப்பில் இறங்கி, பிள்ளையார் கோயில் சந்தில் திரும்பினால் இடது பக்கம் நாலாவது வீடு, மாடி. நடந்தால் மூன்று நிமிடம்." கடையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். என் நோட்டீஸில் இருந்த மொபைல் கடை ஆகஸ்டில் பிரியாணிக் கடை ஆகிவிட்டது. கோயில், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் என்றால் நகராது. மேப்புக்கு கியூஆர் கோடு போட்டால் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் போட்டு, அச்சான தாளிலேயே ஒரு பழைய போனில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

அப்புறம், டிடிபி கடையில் புரூஃப் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய தமிழை அவர்கள் பழைய ஃபாண்ட்டுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடையும், எனக்குக் கொம்புகள் இடம் மாறி வந்திருந்தன. போன் நம்பரைப் படித்துச் சரிபார்க்க வேண்டாம். புரூஃபில் இருக்கிற நம்பருக்கு அங்கேயே நின்று கடைக்காரர் போனிலிருந்து கால் அடியுங்கள், உங்கள் பாக்கெட்டில் மணி அடித்தால் 1,000 காப்பிக்குச் சொல்லலாம்.