பெற்றோருக்குக் கேள்வி எழும் வரிசையே சேர்க்கைப் படங்களின் வரிசை

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எல்.கே.ஜி. சேர்க்கை பற்றிப் பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் கரோசல் படங்களாகப் பதில் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார் எங்கள் தாளாளர். போன வருடமும் போட்டோம். அதைப் பார்த்த பிறகும் எல்லோரும் போன் செய்து அதையேதான் கேட்டார்கள். எதை முதலில் வைப்பது, எதை எவ்வளவு சொல்வது?
— வாசகி, திருமங்கலம்

பதில்:

பள்ளி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள விரும்பும் வரிசை ஒன்று. ஒரு வீட்டில் கேள்விகள் எழும் வரிசை வேறு. முதல் வரிசையில் கட்டடம், ஆசிரியர்கள், வகுப்பறை வசதிகள் எல்லாம் முன்னால் வந்துவிடும்; பெற்றோர் தேடுகிற பதில் ஏழாவது படத்துக்குப் போய்விடும், அதுவரை தள்ளிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆகவே பொங்கல் முடிந்து விசாரிக்கத் தொடங்கும் ஒரு தாய், ஜூன் மாதம் குழந்தையை வேனில் ஏற்றிவிடும் வரை எந்தெந்த வாரத்தில் எதற்காகக் கவலைப்படுகிறார் என்பதை எழுதிப் பார்த்து, அந்த வரிசையிலேயே படங்களை அடுக்குங்கள்.

முதலில் எழுவது வயதுக் கேள்வி. “மூன்று வயது முடிந்திருக்க வேண்டும்” என்று மட்டும் போட்டால் அது பதிலாகாது. எந்தத் தேதியில் முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய சந்தேகம். தமிழகத்தில் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் நடக்கும் சேர்க்கைக்கு ஜூலை 31ஆம் தேதியை வைத்து வயது கணக்கிடப்படுகிறது. உங்கள் பள்ளியும் அதையே பின்பற்றுகிறது என்றால், 2026–27ஆம் கல்வியாண்டு எல்.கே.ஜி.க்கு 2022 ஆகஸ்ட் 1 முதல் 2023 ஜூலை 31 வரை பிறந்த குழந்தைகள் வருவார்கள். கணக்கைப் பெற்றோரிடம் விட்டுவிடாமல், பிறந்த தேதிகளாகவே படத்தில் அச்சிடுங்கள். அதன் கீழே, விளிம்பில் நிற்கும் குழந்தையை உதாரணமாகக் காட்டுங்கள்: “2023 ஆகஸ்ட் 5 அன்று பிறந்த குழந்தைக்கு இந்த ஆண்டு ஐந்து நாள் குறைகிறது, 2027–28இல் சேரலாம்.” உங்களுக்குப் போன் செய்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஆகஸ்ட், செப்டம்பர் குழந்தைகளின் பெற்றோராகத்தான் இருந்திருப்பார்கள். ஐந்து நாளுக்காக ஓராண்டு வீணாகிறதே என்பது அவர்களுடைய வருத்தம். அடுத்த ஆண்டு அந்தக் குழந்தை வகுப்பிலேயே மூத்தவர்களில் ஒருவராக இருக்கும், அதனால் எந்தக் குறையும் வராது என்று ஒரு வரி சேர்த்தால் வருத்தம் ஓரளவு தணியும். கேந்திரிய வித்யாலயாவில் ஒன்றாம் வகுப்புக்கு மார்ச் 31 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற வேறு கணக்கு இருப்பதால், அங்கேயும் விசாரித்துவிட்டு வருபவர்கள் குழம்புகிறார்கள். “எங்கள் பள்ளியின் கணக்குத் தேதி ஜூலை 31” என்பதைப் பெரிய எழுத்தில் வையுங்கள்.

வயது சரி என்று தெரிந்த அன்றே அடுத்த கேள்வி பணத்தைப் பற்றியது. இதைப் பல பள்ளிகள் கடைசிக்குத் தள்ளுகின்றன, அல்லது “அலுவலகத்தை அணுகவும்” என்று போடுகின்றன. அப்படிப் போட்டால் பெற்றோர் அணுகத்தான் செய்வார்கள்; உங்கள் போன் ஓயாமல் அடிப்பதற்கு அதுவே காரணம். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது. ஆகவே குழு நிர்ணயித்த தொகையை வெளிப்படையாகச் சொல்வதில் பள்ளிக்கு எந்தச் சங்கடமும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுக் கட்டணத்தைச் சொன்னால் மட்டும் போதாது. மாதச் சம்பளமோ தினக்கூலியோ வாங்கும் ஒரு குடும்பம் கணக்குப் போடுவது, ஜூன் மாதத்தில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான். ஒரு பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 24,000 ரூபாய், மூன்று தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை 8,000, புத்தகமும் நோட்டும் 3,200, இரண்டு செட் சீருடை 2,400, ஜூன் மாத வேன் 900 ஆக, பள்ளி திறக்கும்போது 14,500 ரூபாய் வேண்டும். இந்தக் கூட்டல் கணக்கை அப்படியே ஒரு படமாக்கி, அடுத்த இரண்டு தவணைகள் எந்த மாதங்களில் என்பதைக் கீழே குறித்துவிடுங்கள். வேனும் சீருடையும் குழு நிர்ணயித்த கட்டணத்தில் சேராதவை என்பதால் அவற்றைத் தனி வரியில் காட்ட வேண்டும். வேன் வேண்டாம் என்பவர் அந்த வரியைக் கழித்துக்கொள்வார்.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சான்றிதழ்களைத் தேடும் வேலை தொடங்குகிறது. இங்கே உங்கள் தொடர் மிகப் பெரிய உதவி செய்ய முடியும், ஏனென்றால் “பிறப்புச் சான்றிதழ் நகல்” என்று பட்டியலில் எழுதுவது எளிது. அந்தச் சான்றிதழை எடுத்துப் பார்க்கும்போதுதான் அதில் குழந்தையின் பெயரே இல்லை என்று தெரியவரும். பிரசவம் ஆனவுடன் மருத்துவமனை வழியாகப் பிறப்பு பதிவாகிவிடுகிறது. பெயர் வைப்பதோ பிறகு. பெயரைப் பதிவேட்டில் சேர்க்க மறந்த வீடுகள் ஏராளம். பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணம் இல்லாமலும், அதற்குப் பின் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் பிறப்பு எங்கே பதிவானதோ அந்த அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். மதுரையில் ஒரு மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் திருமங்கலம் நகராட்சியில் பெயர் சேர்க்க முடியாது; இது தெரியாமல் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைகிறார்கள். ஆகவே சான்றிதழ்ப் பட்டியலுக்கு முன்னால் ஒரு தனிப் படம் வையுங்கள்: “இன்றே பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் அச்சாகியிருக்கிறதா? தந்தை, தாய் பெயர்களின் எழுத்துகள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா?” இந்த இரண்டு கேள்விகளும் பிப்ரவரியில் கேட்கப்பட்டால் சரிசெய்ய நேரம் இருக்கும், மே மாதம் கேட்டால் பதற்றம்தான் மிஞ்சும். சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பின் வருவாய்த் துறை அலுவலர்கள் சரிபார்த்து வழங்க நாட்கள் ஆகும் என்பதையும் இதே இடத்தில் சொல்லிவிடலாம். ஏதாவது ஒரு சான்று இன்னும் வரவில்லை என்றால் பள்ளிக்கு வரவே கூடாதோ என்று தயங்குபவர்களும் உண்டு. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு சொல்கிறது. “சான்று கைக்கு வராவிட்டாலும் விண்ணப்பத்துடன் வாருங்கள், வந்ததும் கொடுக்கலாம்” என்ற வரி அந்தப் படத்தின் அடியில் இருக்கட்டும்.

விண்ணப்பம் கொடுத்த பின், “குழந்தைக்குத் தேர்வு உண்டா, எங்களுக்கு இண்டர்வியூ உண்டா” என்பார்கள். இதற்குப் பதில் “இல்லை” என்ற ஒரே சொல்தான். குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் அதே சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி தடைசெய்யப்பட்டது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரையும், அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. உங்கள் பள்ளியில் “சும்மா ஒரு அறிமுகம்” என்ற பெயரில் குழந்தையிடம் நிறமும் எண்ணும் கேட்கும் வழக்கம் இருக்குமானால், படத்தைத் தயாரிக்கும் முன் அதை நிறுத்திவிடும்படி தாளாளரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

ஏப்ரல் நெருங்கும்போது “ஆர்.டி.இ. இருக்கிறதா” என்ற கேள்வி வரும். சிறுபான்மையினர் அல்லாத தனியார் சுயநிதிப் பள்ளிகளில் நுழைவு வகுப்பு இடங்களில் 25 சதவீதம் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான இந்த இலவசச் சேர்க்கைக்கு உரியது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் பள்ளி எந்த வகை என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள நலிவடைந்த பிரிவினரும், வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அரசின் இணையதளத்தில்தான். இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் நடக்கும் என்பதால், உங்கள் அலுவலகத்தில் யாரும் இடத்துக்கு உறுதி கொடுக்க முடியாது என்பதையும் பணிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் தேதியை மட்டும் அச்சிட்டுவிடாதீர்கள். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் இந்தச் சேர்க்கை, 2025இல் மத்திய அரசின் நிதி வராத பிரச்சினையால் தள்ளிப்போய் அக்டோபரில்தான் தொடங்கியது. “அரசு அறிவித்ததும் தெரிவிப்போம்” என்று எழுதிவிட்டு, அறிவிப்பு வந்த அன்று இந்த ஒரு படத்தை மட்டும் தேதியுடன் புதுப்பித்துப் போடுங்கள்.

கடைசி இரண்டு படங்களில் வேன் நிற்கும் இடங்கள், முதல் வாரம் பள்ளி விடும் நேரம், டிபன் பாக்ஸில் என்ன கொடுத்துவிடலாம் என்பவை சுருக்கமாக வந்தால் போதும். வேன் நிறுத்தங்களைச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு நிற்காமல், எந்தக் கடை, எந்தக் கோயில் வாசல் என்பதுவரை குறியுங்கள்.

படங்களின் வடிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் நீங்கள் அடுக்கிய வரிசை, வாட்ஸ்அப்புக்குப் போனதும் சிதறிவிடும். ஒரு பாட்டியின் கைபேசிக்குக் கட்டணப் படம் மட்டும் தனியாகப் போய்ச் சேரும். அடுத்த ஆண்டும் அதே படம் யாரோ ஒருவர் கைபேசியிலிருந்து மறுபடி கிளம்பி வரும். ஆகவே ஒவ்வொரு படத்திலும் பள்ளியின் பெயர், கல்வியாண்டு, “3/9” என்பது போன்ற வரிசை எண், அலுவலகத் தொலைபேசி எண், அழைக்கும் நேரம் ஆகியவை தவறாமல் இருக்கட்டும். ஒரு படத்துக்கு ஒரு கேள்விதான். கேள்வி, பெற்றோர் போனில் கேட்கும் அதே சொற்களில் மேலே இருக்க வேண்டும். போன வருடம் வந்த அழைப்புகளை எடுத்த பணியாளர்களிடம் உட்கார்ந்து அந்தச் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தயாரித்து முடித்ததும், வெளியிடும் முன், இந்த ஆண்டு குழந்தையைச் சேர்க்கப்போகும் ஒரு தாயிடம் கைபேசியைக் கொடுத்து, எதையும் விளக்காமல் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்தப் படத்தில் தலை நிமிர்ந்து உங்களிடம் கேள்வி கேட்கிறாரோ, அந்தப் படத்தைத்தான் திருத்தி எழுத வேண்டும்.