720 பக்கம், 14 நாள்: மெய்ப்புக்கு ஒரு திட்டம்

*வணக்கம். ஒரு பதிப்பகம் 720 பக்க நாவல் ஒன்றை மெய்ப்புப் பார்க்கத் தந்திருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டுமாம். 14 நாளில் அச்சுக்குப் போகிறது. வேர்டு கோப்பு, லே-அவுட் முடித்த பிடிஎஃப் இரண்டும் அனுப்பியிருக்கிறார்கள். விடுப்பு எடுத்திருப்பதால் நாளுக்கு ஆறு மணி நேரம் உட்கார முடியும். இதற்கு முன் 200 பக்கத்துக்கு மேல் பார்த்ததில்லை. மூன்று முறையாவது படிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு வழியே இல்லை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, எதையெல்லாம் பார்ப்பது?*

*ம., மதுரை*

அன்புள்ள ம.,

மூன்று வாசிப்பை மறந்துவிடுங்கள். உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு முழு வாசிப்பு. கணினியில் தேடிப் பிடிக்க முடிந்ததை எல்லாம் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பக்க அமைப்பு தொடர்பானதை எல்லாம் அதற்குப் பின்னால் தள்ளிவிட வேண்டும். நடுவில் படிக்கும்போது கண்ணும் மனமும் வாக்கியத்தில் மட்டும் இருக்கட்டும். நாள் கணக்கில் சொன்னால் முதல் நாள் தயாரிப்பு, 2 முதல் 10 வரை வாசிப்பு, கடைசி நான்கு நாள் மற்ற எல்லாம்.

தொடங்குவதற்கு முன் பதிப்பகத்தை அழைத்து, திருத்தங்களை வேர்டில்தான் செய்வேன் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துக்கு சராசரியாக நான்கு திருத்தம் என்று வைத்தாலும் 2,880 திருத்தம் வருகிறது. பிடிஎஃப்பில் நீங்கள் குறித்துத் தந்தால், லே-அவுட் செய்பவர் ஒவ்வொன்றையும் தேடி, தட்டி, சேமிக்க ஒரு நிமிடமாவது ஆகும். மொத்தம் 48 மணி நேரம். அந்த நேரம் அவரிடம் இல்லை. புத்தகக் காட்சி நெருங்கும்போது அவர் மேஜையில் இன்னும் பல புத்தகங்கள் இருக்கும். அதோடு, இன்னொருவர் கைபட்ட திருத்தம் ஒவ்வொன்றையும் நீங்கள் மறுபடி சரிபார்த்தாக வேண்டும். வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுக்கொண்டு நீங்களே திருத்தினால் இந்த இரண்டு வேலையும் இல்லை. படம், அட்டவணை இல்லாத நாவல்தானே, திருத்திய கோப்பை மறுபடி லே-அவுட்டில் ஊற்ற ஒரு நாள் போதும். ஆனால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: லே-அவுட்டுக்குப் போன பிறகு நேராக அதிலேயே யாராவது ஏதாவது திருத்தினார்களா? திருத்தியிருந்தால் உங்கள் வேர்டு கோப்பு பழையது. லே-அவுட்டிலிருந்து உரையை வெளியே எடுத்துத் தரச் சொல்லி அதில்தான் வேலை பார்க்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால், நூலாசிரியர் கடைசியாகச் சேர்த்த ஒரு பத்தி உங்கள் கையாலேயே காணாமல் போகும்.

அப்புறம் வேகத்தை அளந்து பாருங்கள். பிடிஎஃப்பைப் பார்த்து அச்சுப் பக்கம் 10 எண்ணிக்கொண்டு, கடிகாரத்தை வைத்து, வேர்டில் திருத்தம் போட்டபடியே படியுங்கள். முதல் அத்தியாயத்தில் அளக்காதீர்கள். அதை ஆசிரியர் பலமுறை திருத்தியிருப்பார், பிழை குறைவாக இருக்கும். நடுவிலிருந்து உரையாடல் மிகுந்த ஐந்து பக்கம், வர்ணனை மிகுந்த ஐந்து பக்கம் எடுங்கள். மணிக்கு 14 பக்கம் வந்தால் நாளுக்கு 80 பக்கம், ஆறு மணி நேரத்துக்குள் முடியும், ஒன்பது நாளில் 720 ஆகிவிடும். மணிக்கு 10 பக்கம்தான் வருகிறது என்றால் ஒன்பது நாளில் 540 பக்கம்தான் முடியும். மீதி 180 பக்கத்துக்கு இன்னொருவர் வேண்டும் என்று முதல் நாள் மாலையே பதிப்பகத்திடம் சொல்லுங்கள். அப்போது சொன்னால் ஆள் தேட அவர்களுக்கு நேரம் இருக்கும். எட்டாம் நாள் சொன்னால் கடைசி 180 பக்கம் யாரும் படிக்காமலேயே அச்சுக்குப் போகும்.

அதே முதல் நாளில் ஒரு முடிவுத்தாள் எழுதுங்கள். எது பிழை என்பதை விட எது பிழை இல்லை என்பதுதான் அதில் முக்கியம். 'வந்துவிட்டான்' என்று சேர்ப்பதா, 'வந்து விட்டான்' என்று பிரிப்பதா? 'ஜன்னல்' இருக்கட்டுமா? 'ஓர் இரவு', 'ஒரு இரவு' இரண்டில் எது? உயர்வு தாழ்வு பார்க்காமல், ஆசிரியர் எதை அதிகம் எழுதியிருக்கிறாரோ அதையே வைத்துக்கொண்டு அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாத்திரங்களின் பேச்சில் வரும் வட்டார வழக்கைத் தொடவே கூடாது. நடையைத் திருத்துவதும் உங்கள் வேலை இல்லை. இதை எழுதி வைக்காவிட்டால் நாற்பதாம் பக்கத்தில் பிரித்ததை நானூறாம் பக்கத்தில் சேர்ப்பீர்கள்.

வல்லினம் மிகுவதில்தான் அதிக நேரம் கரையும். எல்லா விதியையும் 720 பக்கத்தில் நிலைநாட்ட முடியாது. நான்கு இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: 'ஐ' உருபுக்குப் பின் (வீட்டைக் கட்டினான்), 'கு' உருபுக்குப் பின் (ஊருக்குப் போனாள்), அந்த, இந்த, எந்தவுக்குப் பின், 'படிக்கச் சொன்னான்' போன்ற இடங்களில். பொருளே மாறிவிடும் இடங்களை விதி பாராமல் திருத்துங்கள். 'வேலை கொடுத்தான்' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடுத்தான்' என்றால் முருகன் கை வேல். இன்று குறைவான ஒற்றை விட மிகையான ஒற்றுதான் அதிகம் கண்ணில் படுகிறது. 'அந்தப் பெண்' என்ற பழக்கத்தில் 'வந்தப் பெண்', 'சொன்னப் போது' என்று எழுதிவிடுகிறார்கள். 'வந்தப்', 'சொன்னப்', 'இருந்தப்' என்று தேடினால் கூட்டமாகச் சிக்கும்.

தேடலில் பிடிக்க வேண்டிய இன்னொன்று ஔகாரம். பலர் 'மௌனம்' என்பதை ம, ஒற்றைக்கொம்பு, ள என்று தனித்தனியாகத் தட்டி 'மெளனம்' ஆக்கியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், படிக்கும்போது பிடிபடாது. 'மெள', 'கெள', 'செள', 'பெள', 'ஒள' என்று தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானை அழுத்தாதீர்கள். 'மெள்ள நடந்தாள்' என்பதில் வரும் 'மெள' சரியானது. 'கெளுத்தி மீன்' சரியானது. 'ஒளி' சரியானது. மொத்தமாக மாற்றினால் நாவல் முழுக்க இவை உடைந்து கிடக்கும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இரண்டு கால் அடுத்தடுத்து வருகிறதா என்றும் தேடுங்கள். 'ர' வர வேண்டிய இடத்தில் கால் விழுந்து 'காாணம்' என்று நிற்கும்.

பெயர்களுக்குத் தமிழில் தனிக் கவனம் வேண்டும், உருபு ஒட்டினால் பெயரின் வடிவமே மாறிவிடுகிறது. ஒரு பாத்திரம் பெரும்பாலும் 'மாணிக்கம்', சில இடங்களில் 'மாணிக்கன்' என்று வருகிறது என்று வையுங்கள். 'மாணிக்கன்' என்று தேடி மாற்றினால் 'மாணிக்கனை', 'மாணிக்கனுக்கு' அப்படியே தங்கிவிடும். அவை 'மாணிக்கத்தை', 'மாணிக்கத்துக்கு' ஆக வேண்டும். அதனால் கடைசி எழுத்தை விட்டுவிட்டு 'மாணிக்க' என்று தேடி, வரும் ஒவ்வொன்றையும் பாருங்கள். படிக்கும்போது புதுப் பெயர் வந்தவுடன் முடிவுத்தாளில் பக்க எண்ணோடு குறியுங்கள். வயது, உறவு, ஊர், கிழமை ஆகியவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 90ஆம் பக்கத்தில் அத்தையாக இருந்தவர் 510இல் சித்தியானால், இந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, வாசிப்புக்கு வருவோம். அதில் நீங்கள் தேட வேண்டியது, தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கும் சொல் தவறான இடத்தில் நிற்பதை. 'அரிசியைக் கலைந்தாள்', 'கல்லை எரிந்தான்', 'மல்லிகை மனம்', 'சுவரில் கரை படிந்திருந்தது'. சொல்லை மட்டும் பார்க்கும் சொல்திருத்தி இவற்றைப் பிடிக்காது, ஏனென்றால் கலைந்தாள், எரிந்தான், மனம், கரை எல்லாமே உள்ள சொற்கள். இதற்கு வாக்கியத்தின் பொருளோடு படிக்க வேண்டும், வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பது உதவும். ஒரு பிழையைத் திருத்தியவுடன் அந்த வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி படியுங்கள். ஒரு பிழை கிடைத்த திருப்தியில் கண் தாவி, பக்கத்திலேயே இருக்கும் அடுத்ததை விட்டுவிடும்.

ஒவ்வொரு மணி நேர முடிவிலும் எத்தனை பக்கம் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். 14 என்று போய்க்கொண்டிருந்தது திடீரென்று 20 ஆனால் மகிழ வேண்டாம். கதை உங்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது, அந்த ஒரு மணி நேரம் நீங்கள் வாசகர். நல்ல நாவலில் உச்சமான அத்தியாயங்களில்தான் இது நடக்கும், பிழைகள் தப்புவதும் அங்கேதான். அந்த 20 பக்கத்தையும் மறுநாள் காலை முதல் வேலையாக, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிக்கொண்டு மறுபடி பாருங்கள். சந்தேகம் வரும் இடத்தில் நின்று அகராதி புரட்டாதீர்கள். மஞ்சள் அடித்துவிட்டு நகருங்கள்.

11ஆம் நாள் மஞ்சள் எல்லாவற்றுக்கும் பதில் காணுங்கள். ஆசிரியரைக் கேட்க வேண்டியவற்றை ஒரே பட்டியலாக அனுப்புங்கள், தவணை தவணையாகக் கேட்டால் பதில் வராது. இரவுக்குள் திருத்தங்களை ஏற்றுக்கொண்ட கோப்பை, நகல் ஒன்று வைத்துக்கொண்டு, லே-அவுட்டுக்குக் கொடுங்கள். 12ஆம் நாள் லே-அவுட் செய்பவருடையது.

13ஆம் நாள் புதிய பிடிஎஃப் வரும். அதைப் படிக்கத் தொடங்காதீர்கள். பக்கம் பக்கமாகப் பார்க்க மட்டும் செய்யுங்கள். முதலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தையும் வேர்டு கோப்போடு ஒப்பிடுங்கள். உரை பெட்டிக்குள் அடங்காமல் போனால் கடைசி வரிகள் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அச்சில் வந்த பிறகு இதற்கு மருந்தில்லை. அடுத்து ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் முதல் வரியும் ஒட்டுகிறதா என்று பாருங்கள். புள்ளி வைத்த எழுத்தில் எந்த வரியும் தொடங்கக் கூடாது. அத்தியாய எண், பொருளடக்கத்துப் பக்க எண், பக்கத் தலைப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். மொத்தப் பக்கத்தையும் எண்ணுங்கள். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை ஃபாரம் என்பார்கள். 16 பக்க ஃபாரமாக அச்சிட்டால் 720 பக்கம் சரியாக 45 ஃபாரம். உங்கள் திருத்தத்தால் 722 ஆகியிருந்தால் இரண்டு பக்கத்துக்காக ஒரு ஃபாரம் ஏறும். அதை எங்கே இறுக்குவது என்று லே-அவுட்காரர் பார்த்துக்கொள்வார், நீங்கள் அவருக்குச் சொன்னால் போதும்.

14ஆம் நாள், முந்தைய நாள் சொன்ன திருத்தங்கள் ஏறியிருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். திருத்திய வரி மட்டும் போதாது, அந்தப் பத்தி முடியும் வரையும் அடுத்த பக்கத்தின் தலைவரி வரையும் பார்க்க வேண்டும். பிறகு அட்டை. முன்னட்டை, முதுகு, தலைப்புப் பக்கம், உரிமைப் பக்கம் நான்கிலும் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணையும் விலையையும் உரிமைப் பக்கத்திலிருந்து ஒருவர் உரக்கப் படிக்க, நீங்கள் பின்னட்டையில் விரல் வைத்துப் பாருங்கள். அட்டையை வடிவமைப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார். அது உங்கள் கைக்கு வருமா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.