வாடகை வீட்டில் ஏசி: வீட்டுக்காரரிடம் எப்படிக் கேட்டால் ஒத்துக்கொள்வார்?

கேள்வி: மண்டபத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடியிருக்கிறார். 1 டன் ஸ்பிளிட் ஏசி மாட்ட வேண்டும். காலி செய்யும்போது சுவரைச் சரிசெய்து தருகிறோம் என்று சொல்லியும் தயங்குகிறார். எப்படிக் கேட்பது?

பதில்:

"சரிசெய்து தருகிறோம்" என்பதை எல்லாக் குடித்தனக்காரரும் சொல்வார்கள். காலி செய்கிற அன்று ஓட்டையில் பழைய பேப்பரைத் திணித்து, மேலே கொஞ்சம் பட்டி தடவிவிட்டுப் போவதும் நடக்கிறதுதான். அதனால் பொதுவாகக் கேட்காதீர்கள். எத்தனை ஓட்டை, எங்கே, எப்படி அடைப்பீர்கள், பணம் எங்கிருந்து வரும் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

முதலில் ஓட்டைகளைக் குறையுங்கள். அவுட்டோர் யூனிட்டைச் சுவரில் தொங்கவிட்டால் நான்கு ஆங்கர் போல்ட் இறங்கும். நம் கடற்கரையில் பெரிய தலைவலி அந்த போல்ட்கள்தான். மண்டபத்தில் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் உப்புதான். இரும்பு போல்ட் துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் சுற்றியிருக்கும் பூச்சு வெடிக்கும். கழற்றும்போது மெக்கானிக் பெரும்பாலும் போல்ட்டைப் பிடுங்க மாட்டார். கிரைண்டரில் தலையை அறுத்துவிட்டுப் பட்டி வைப்பார். அடுத்த மழைக்கே அந்த இடத்தில் செம்பழுப்புக் கறை இறங்கும்.

அதனால் மேலே மொட்டை மாடி இருந்தால் யூனிட்டை அங்கே வையுங்கள். தளத்தைத் துளைக்கவே கூடாது, ஓதம் உள்ளே இறங்கிவிடும். நீளமான இரண்டு கான்கிரீட் கட்டைகளைப் போட்டு, அடியில் ரப்பர் வைத்து, யூனிட்டின் கால்களைக் கட்டையோடு மட்டும் முடுக்கினால் போதும். கச்சான் காற்றுக்கு நகராத அளவு கனமான கட்டையாகப் பாருங்கள். சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டு, காலி செய்யும்போது முழுசாகப் பிடுங்குவதாக எழுதுங்கள்.

மிச்சமிருப்பது உள்ளே இன்டோர் யூனிட்டைத் தாங்கும் பிளேட்டுக்கான ஆறேழு சிறு திருகுத் துளைகளும், குழாய் போக ஒரு ஓட்டையும். அந்த ஓட்டை இரண்டரை அங்குலம். உளியால் கொத்தாமல் கோர் கட்டிங் மெஷினில்தான் போட வேண்டும். கொத்தினால் வெளிப்பக்கப் பூச்சு கையகலத்துக்குப் பெயர்ந்து வரும். பில்லர், பீம், லிண்டல் பக்கமே போகக் கூடாது. உள்ளிருந்து வெளியே லேசாகச் சரிந்து, உள்ளே ஒரு பிவிசி குழாய்த் துண்டு செருகியிருக்க வேண்டும். ஜன்னலின் மேல் பகுதியில் லூவர் கண்ணாடி இருந்தால் இந்த ஓட்டையும் வேண்டாம். ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு, துளை போட்ட அக்ரிலிக் பலகையை அங்கே வைத்துக் குழாயை விடலாம். ஆனால் அந்த இடம் இன்டோர் யூனிட்டுக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் திரும்பி அறைக்குள்தான் வரும்.

தண்ணீர் விஷயத்தை நீங்களே முதலில் பேசிவிடுங்கள். கீழே குடியிருப்பவருக்கு ஓட்டையைவிட இதுதான் உறுத்தும். இந்த ஈரக் காற்றில் 1 டன் ஏசி ஒரு ராத்திரியில் அரைக் குடத்துக்குக் குறையாமல் வடிக்கும். அது அவர் சன்ஷேடில் சொட்டினால் சத்தம், சுவரில் ஒழுகினால் பாசி. டிரெயின் குழாயைத் தரை வரைக்கும் இறக்குவதாகவோ, பாத்ரூம் கழிவுக் குழாயோடு சேர்ப்பதாகவோ சொல்லுங்கள்.

கரண்டும் அப்படித்தான். வீட்டுக்கு எவ்வளவு மின்பளு வாங்கியிருக்கிறது என்று பில்லில் பாருங்கள். 1 டன் ஏசிக்குச் சுமார் ஒன்றேகால் கிலோவாட் ஒதுக்க வேண்டும். போதவில்லை என்றால் கூடுதல் பளுவுக்கு இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும், செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். போர்டிலிருந்து தனி எம்சிபி, 4 சதுர மில்லிமீட்டர் வயர், எர்த் மூன்றும் கட்டாயம். சுவரை வெட்டிப் புதைக்காமல் மேலே கேசிங் ஓட்டினால் பிறகு கழற்றுவது சுலபம்.

கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

> மதிப்பிற்குரிய ஐயா,
> மாடியில் தெற்குப் படுக்கையறையில் எங்கள் செலவில் 1 டன் ஏசி மாட்ட அனுமதி கேட்கிறோம். மேற்குச் சுவரில் 7 அடி உயரத்தில் இரண்டரை அங்குல ஓட்டை ஒன்றும், பிளேட்டுக்கு 6 திருகுத் துளைகளும் மட்டும் போடுவோம். இடத்தை நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகே மெஷின் வைப்போம். வெளி யூனிட் மொட்டை மாடியில் கட்டை மேல் இருக்கும், தளத்தில் துளை இல்லை. தண்ணீரைக் குழாய் வழியாகத் தரை வரை இறக்குவோம். காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே ஏசியைக் கழற்றி, ஓட்டையைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, அந்தச் சுவர் முழுவதற்கும் பெயிண்ட் அடித்துத் தருவோம். செய்யத் தவறினால் அந்தச் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்ளலாம். ஓட்டை அப்படியே இருக்கட்டும் என்று நீங்கள் விரும்பினால் மூடி போட்டுக் கொடுப்போம். இப்போதைய சுவரின் போட்டோவை இணைத்திருக்கிறோம்.

இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்தம் பற்றிய வரியில் ஒரு தொகையும் எழுதுவது நல்லது. கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி, பெயிண்டருக்கு ஒரு நாள் கூலி, சாமான் செலவு ஆகியவற்றைக் கூட்டினால் அந்தத் தொகை வந்துவிடும். சுவர் 12 அடிக்கு 10 அடி என்றால் இரண்டு கோட்டுக்குச் சுமார் 2 லிட்டர் எமல்ஷன் பிடிக்கும்.

"சுவர் முழுவதற்கும்" என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதே ஷேடு நம்பரை வாங்கி ஓட்டை மேல் மட்டும் அடித்தாலும், பழைய பெயிண்ட் வெளுத்திருப்பதால் அந்த இடம் திட்டாகத் தெரியும். மூலைக்கு மூலை அடித்தால்தான் கண்ணுக்குப் படாது.

ஒரு மாதம் முன்பே என்பதற்கும் காரணம் உண்டு. செருகிய பிவிசி துண்டை உருவிவிட்டு, ஓட்டையின் உள்பக்கத்தைச் சுரண்டி நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கலவையில் செங்கல் துண்டுகளை வைத்து வெளியிலிருந்து பாதி, மறுநாள் உள்ளிருந்து பாதி என்று அடைக்க வேண்டும். ஒரே மூச்சில் திணித்தால் நடுவில் பொள்ளல் நிற்கும். தட்டினால் 'டொக்' என்று சத்தம் கொடுக்கும். மேல்மட்டத்துக்குச் சற்று உள்ளே நிறுத்தி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து, பிறகு இரண்டு மூன்று வாரம் காயவிட்டுத்தான் பட்டி, பிரைமர், பெயிண்ட். ஈரத்தோடு அடித்தால் கொப்புளம் போடும். அவ்வளவு நாள் ஏசி இல்லாமல் முடியாது என்றால், கலவை வேலையை மட்டும் முடித்துவிட்டு பெயிண்ட் செலவைக் கையில் கொடுத்துவிடுவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

கலவைக்கு எந்தத் தண்ணீர் என்பதையும் கவனியுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் குழைக்க வேண்டாம். பூச்சு காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்து, சில மாதத்தில் பெயிண்ட் அந்த வட்டத்தில் மட்டும் உரியும். காவிரித் தண்ணீர் இரண்டு குடம் பிடித்துவைத்தால் போதும். மணலும் ஆற்று மணலாகவோ எம்சாண்டாகவோ இருக்கட்டும், கடற்கரை மணல் கூடாது.

ஒரு விதிவிலக்கு: சுவர் பழைய பவளப்பாறைக் கல்லில் சுண்ணாம்பு வைத்துக் கட்டியதாக இருந்தால், கீழக்கரைப் பக்கம் அப்படி வீடுகள் உண்டு, அதில் ஆங்கர் பிடிக்காது. சிமெண்டால் அடைத்தாலும் சுற்றியுள்ள சுண்ணாம்போடு ஒட்டாமல் விளிம்பில் விரிசல் விடும். அந்த மாதிரிச் சுவரில் துளை போட அனுமதி கேட்காமல், ஜன்னல் வழியாகக் குழாய் விடவோ ஜன்னல் ஏசி வைக்கவோ கேளுங்கள்.