பாடக்குறிப்பை அட்டவணையாக்க: எச்சங்களை உடைப்பதிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருவாரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். 40 பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. பாடக்குறிப்பைப் பத்தியாக எழுதியே பழகிவிட்டேன். இப்போது நோக்கம், செயல்பாடு, நேரம், பொருள்கள் என்று நான்கு கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். வெட்டி ஒட்டினால் எல்லாம் செயல்பாட்டுக் கட்டத்திலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மாதிரி: "விதைநெல் தேர்வு பற்றி விளக்கி, உப்புக்கரைசல் சோதனையைச் செய்து காட்டி, மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்துச் செய்யவைத்து, முடிவுகளை எழுதவைத்து, அடர்த்தி பற்றிப் புரியவைத்தல். குறுவை, சம்பா, தாளடிப் பருவங்களை எடுத்துக்கூறி, இறுதியில் கேள்விகள் கேட்டு மதிப்பிடுதல்." இதை எப்படி மாற்றுவது?

பதில்: வெட்டி ஒட்டி இதை மாற்ற முடியாது. நான்கு கட்டங்களில் நேரமும் பொருள்களின் அளவும் உங்கள் பத்தியில் இல்லவே இல்லை. நோக்கம் ஒரே ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. அதனால் எல்லாம் செயல்பாட்டில் போய்க் குவிவதில் வியப்பில்லை.

முதலில் பென்சிலை எடுத்து வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். விளக்கி, செய்து காட்டி, பிரித்து, செய்யவைத்து, எழுதவைத்து, புரியவைத்தல், எடுத்துக்கூறி, கேட்டு, மதிப்பிடுதல். ஒன்பது வினைகள். ஏழு வினையெச்சம், இரண்டு தொழிற்பெயர், ஒரு வினைமுற்றுகூட இல்லை. தமிழில் எச்சத்துக்கு மேல் எச்சமாகக் கோத்துக்கொண்டே போனால் முழுப் பாடவேளையும் இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிடும். படிக்கச் சரளமாகத்தான் இருக்கும். ஆனால் யார் செய்கிறார்கள் என்பது மறைந்துவிடும். இந்தப் பத்தியில் மாணவர் எழுவாயாக வரும் இடம் ஒன்றுகூட இல்லை, பாருங்கள்.

ஆகவே ஒவ்வொரு எச்சத்தையும் உடைத்து, எழுவாய் சேர்த்து, வினைமுற்றாக எழுதுங்கள். "செய்து காட்டி" என்பது "ஆசிரியர் சாதாரண நீரில் மூழ்கிய முட்டையை உப்புநீரில் போட்டு, அது மிதப்பதைக் காட்டுகிறார்" என்று ஆகும். "எழுதவைத்து" என்பது "ஒவ்வொரு குழுவும் மிதந்த மணிகளை எண்ணி எழுதுகிறது" என்று ஆகும். இப்படி எழுதும்போதே சில வினைகள் வினைமுற்றாக மாற மறுக்கும். "புரியவைத்தல்" அப்படிப்பட்டது. வகுப்புக்குள் வந்து எட்டிப் பார்க்கிற ஒருவரால் "இதோ, இப்போது புரியவைக்கிறார்" என்று காட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியாத வினை செயல்பாட்டுக் கட்டத்துக்குரியது அல்ல. அதை எடுத்து நோக்கத்துக்காகத் தனியே வையுங்கள்.

அடுத்தது, வரிசையை எங்கே முறிப்பது? செய்கிற ஆள் மாறினால் புது வரிசை. கையில் இருக்கும் பொருள் மாறினால் புது வரிசை. இந்த இரண்டு மட்டும் போதும். ஆசிரியர் முட்டையைக் காட்டுவது ஒன்று. குழுக்கள் சாதாரண நீரில் நெல்லைப் போடுவது ஒன்று. அதே குழுக்கள் உப்புநீருக்கு மாறுவது இன்னொன்று. "பிரித்து" என்பதையும் விட்டுவிடாதீர்கள். 40 பிள்ளைகள் எட்டுக் குழுவாக உட்கார்ந்து பாத்திரம் வாங்கிக்கொள்வதற்குப் பாடவேளையில் நான்கு நிமிடம் போகும். பத்தியில் அது ஒரே சொல். அட்டவணையில் அது ஒரு வரிசை.

நோக்கத்தை மூன்றாவதாகத்தான் எழுத வேண்டும் என்பது என் அனுபவம். கட்டம் இடது ஓரத்தில் இருப்பதால் முதலில் அதைத்தான் நிரப்பத் தோன்றும். அப்படி நிரப்பினால் "விதைத் தேர்வின் அவசியத்தை மாணவர் அறிவர்" மாதிரி எந்தப் பாடத்துக்கும் ஒட்டுகிற வாக்கியம்தான் வரும். செயல்பாடுகள் வரிசையாக நின்ற பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து, "இது முடிந்ததும் பிள்ளை எதைச் செய்து காட்டும், அல்லது எதைச் சொல்லும்?" என்று கேளுங்கள். உங்கள் பாடத்தில் இரண்டு பதில்கள்தான் கிடைக்கின்றன. ஒன்று, பதரையும் பாதி மட்டும் முற்றிய அரைமணி நெல்லையும் முழுமணியிலிருந்து பிரித்தெடுப்பது. இரண்டு, சாதாரண நீரில் மூழ்கிய அரைமணி உப்புநீரில் ஏன் மிதந்தது என்று அடர்த்தியை வைத்துக் காரணம் சொல்வது. தனியே எடுத்துவைத்த "புரியவைத்தல்" இந்த இரண்டாவதாக மாறிவிட்டது.

ஒவ்வொரு வரிசைக்கும் தனி நோக்கம் வேண்டியதில்லை. இரண்டு வரிசைகள் சேர்ந்து ஒரே நோக்கத்துக்கு உழைக்கலாம். எண்ணை மட்டும் போட்டால் போதும். பலர் இங்கேதான் சிரமப்பட்டு ஏழு வரிசைக்கு ஏழு நோக்கம் கற்பனை செய்கிறார்கள். ஆனால் மறுபக்கம் கண்டிப்பாக இருங்கள்: எழுதிய நோக்கம் ஒவ்வொன்றையும் பிள்ளை செய்து காட்டுகிற வரிசை ஒன்றாவது இருக்க வேண்டும்.

இந்தச் சோதனையில்தான் குறுவை, சம்பா, தாளடி வெளியே விழுகிறது. உங்கள் இரண்டு நோக்கங்களில் எதுவும் பருவத்தைக் கேட்கவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, அதை ஒட்டிய குறுவை விதைப்பு என்று எடுத்தால் மாதவாரியாக ஒரு காலக்கோடு போடலாம். அது தனிப் பாடவேளைக்கு உரிய நல்ல பாடம். இங்கே ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுப் போனால் சோதனையின் நேரத்தைத்தான் தின்னும். தூக்கி எறிய மனமில்லை என்றால் அட்டவணைக்குக் கீழே குறிப்பாக ஒரு வரி எழுதி வையுங்கள்.

இனி பொருள்கள். "உப்புக்கரைசல்" என்று எழுதினால் அது பொருள் அல்ல, தலைப்பு. விதைநெல்லுக்குப் பரிந்துரைக்கும் அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ உப்பு. குழுவுக்கு அரை லிட்டர் போதும், அதாவது 75 கிராம். எட்டுக் குழுவுக்கு 4 லிட்டர், 600 கிராம். முட்டை காட்ட இன்னும் ஒரு லிட்டர், 150 கிராம். ஆக 5 லிட்டருக்கு முக்கால் கிலோ உப்பு. வேதாரண்யம் கல்லுப்பு எளிதாகக் கிடைக்கும், ஆனால் கரைய நேரமாகும். அதனால் அதைப் பாடவேளைக்குள் வைக்காமல், அட்டவணைக்கு மேலே "முன்தயாரிப்பு" என்று ஒரு வரியில் வையுங்கள். நெல், மருந்து கலந்து நிறமேற்றிய விதையாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் கையால் அளைவார்கள். வீட்டுக் குதிரிலோ சாக்கிலோ இருக்கும் தூற்றாத நெல்லே நல்லது. தூற்றி விற்ற நெல்லில் பதர் கிடைக்காது, சோதனையே சப்பென்று போய்விடும்.

நேரத்தைக் கடைசியில் நிரப்புங்கள். நான் ஒரு பள்ளியில் இதே மாதிரி ஒரு சோதனைக்குக் கூட்டுத்தொகை சரியாக 45 வரும்படி எழுதியிருந்தேன். அடிபம்பிலிருந்து தண்ணீர் பிடித்து வர 12 நிமிடம் ஆனது. கடைசி இரண்டு செயல்பாடுகள் நடக்கவில்லை. தண்ணீர் பிடிப்பது என் பத்தியில் ஒரு எச்சமாகக்கூட இல்லை. அன்றிலிருந்து தொடக்கத்தையும் துடைத்து எடுப்பதையும் தனி வரிசையாக எழுதுகிறேன், நோக்கக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு.

உங்கள் பத்தி இப்படி ஆகும்:

முன்தயாரிப்பு: முதல் பாடவேளைக்கு முன்பே 5 லிட்டரில் 750 கிராம் உப்பைக் கரைத்து வைத்தல், சாதாரண நீர் 5 லிட்டரும் கடைசியில் அலசத் தனியே நல்ல நீரும் வகுப்பில் இருத்தல்.

நோக்கம் 1: பதர், அரைமணி, முழுமணி ஆகியவற்றைப் பிரித்தெடுப்பர்.
நோக்கம் 2: அரைமணி உப்புநீரில் மிதப்பதற்கு அடர்த்தியை வைத்துக் காரணம் சொல்வர்.

| நோக்கம் | செயல்பாடு | நேரம் | பொருள்கள் |
|---|---|---|---|
| – | மாணவர் ஐந்து பேராக எட்டுக் குழுவில் அமர்ந்து பொருள்களைப் பெறுகிறார்கள் | 4 நிமிடம் | கிண்ணம் 16, வடிகட்டி 8 |
| 2 | ஆசிரியர் முட்டையைச் சாதாரண நீரிலும் உப்புநீரிலும் போடுகிறார். மாணவர் கண்டதைச் சொல்கிறார்கள் | 6 | முட்டை 1, அகலக் கண்ணாடிப் பாத்திரம் 2 |
| 1 | ஒருவருக்கு 20 வீதம் குழு 100 மணி எண்ணுகிறது. சாதாரண நீரில் போட்டுக் கையால் கலக்கி, மிதந்ததை எடுத்து எண்ணுகிறது | 10 | நெல் ஒரு கைப்பிடி, நீர் அரை லிட்டர் (குழுவுக்கு) |
| 1 | மூழ்கிய மணிகளை உப்புநீரில் போட்டு, கலக்கி, மிதந்ததை எடுத்து எண்ணுகிறது | 8 | உப்புநீர் அரை லிட்டர் (குழுவுக்கு) |
| 2 | எட்டுக் குழுவின் எண்களும் கரும்பலகையில். முட்டையோடு ஒப்பிட்டு மாணவர் காரணம் சொல்கிறார்கள் | 8 | கரும்பலகை |
| 1, 2 | ஒவ்வொருவரும் எதை விதைப்பார், ஏன் என்று மூன்று வரி எழுதுகிறார் | 6 | குறிப்பேடு |
| – | முழுமணிகளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசுதல், துடைத்தல் | 3 | நல்ல நீர், துணி |

உங்கள் பத்தியில் இருந்த "கேள்விகள் கேட்டு மதிப்பிடுதல்" ஆறாவது வரிசையில் மூன்று வரி எழுத்தாக மாறியிருக்கிறது. வாய்க்கேள்விக்கு முன்வரிசையில் நான்கு பேர்தான் பதில் சொல்வார்கள். மீதி 36 பேரை அது மதிப்பிடாது.

"கையால் கலக்கி" என்ற சொல்லைச் சுருக்கம் கருதி எடுத்துவிடாதீர்கள். காய்ந்த நெல்லின் உமியில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொள்ளும். கலக்காவிட்டால் முழுமணியும் மிதக்கும். ஒரு குழு மட்டும் சாதாரண நீரிலேயே 40, 50 மிதந்ததாகச் சொன்னால் அவர்கள் கலக்கவில்லை என்று பொருள். பத்தியாக இருந்தால் இது ஆசிரியர் மனசிலேயே தங்கிவிடும்.

கணினியில் தட்டச்சு செய்வதென்றால் பழைய பத்தியை அப்படியே தேர்ந்தெடுத்து அட்டவணையாக்க வேண்டாம். மேலே சொன்னபடி வரிசைகளைத் தனித்தனி வரியாக, கட்டத்துக்குக் கட்டம் ஒரு Tab விட்டு எழுதி முடித்த பிறகு, அந்த வரிகளைத் தேர்ந்தெடுத்து, வேர்டில் Insert, Table, Convert Text to Table என்று போய் Tabs என்பதைத் தேர்ந்தெடுங்கள். செயல்பாட்டுக்குப் பாதிப் பக்க அகலம் கொடுங்கள். நேரத்துக்கு இரண்டு இலக்கம் நுழையும் இடம் போதும்.

எழுதி முடித்ததும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அட்டவணையை மட்டும் கொடுத்து, நாளை நீங்கள் விடுப்பில் இருந்தால் இதை வைத்து அவர் பாடம் எடுப்பாரா என்று கேளுங்கள். "தண்ணீர் எவ்வளவு?", "மிதந்ததை என்ன செய்வது?" என்று அவர் கேட்கிற கேள்வி எந்தக் கட்டத்தில் விடுபட்டிருக்கிறதோ, அங்கே அந்தப் பதிலை எழுதிவிடுங்கள்.