புல்கா உப்பாமல் விறைப்பது ஏன்?

சப்பாத்தி தவாவில் நன்றாகத்தான் வருகிறது. புல்காவுக்காக நெருப்பில் நேரடியாகப் போட்டால் மட்டும் உப்பாமல் விறைத்துவிடுகிறது. தீ எவ்வளவு இருக்க வேண்டும்? எப்போது எடுத்துப் போட வேண்டும்?

பெரும்பாலும் தப்பு நெருப்பில் இல்லை, அதற்கு முன் தவாவில்தான் நடக்கிறது. புல்காவை உப்ப வைப்பது மாவில் இருக்கும் தண்ணீர். அது ஒரே நேரத்தில் ஆவியாகி, மேலும் கீழும் லேசாக வெந்த தோல்களைப் பிரித்துத் தள்ள வேண்டும். கருகிவிடுமோ என்று பயந்து சிறு தீயில் வைத்தால், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தவாவிலேயே போய்விடும். அப்புறம் நெருப்பில் காட்டினால் அப்பளம்தான்.

தவாவை மிதமான தீக்குச் சற்று மேலேயே காய வையுங்கள். ஒரு சிட்டிகை கோதுமை மாவைத் தூவிப் பாருங்கள். சில நொடிகளில் பழுப்பானால் சரி. போட்டவுடன் கருகிப் புகைந்தால் தீயைக் குறைத்து, மாவைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

ஆறு அங்குல அகலத்தில் மெல்லிதாகத் தேய்த்ததற்கு நேரம் சொல்கிறேன். முதல் பக்கம் 15 முதல் 20 நொடிதான். மேலே ஈரப் பளபளப்பு போய் நிறம் மங்கி, அங்கங்கே சிறு குமிழ்கள் எழும். அடியில் புள்ளி விழும்வரை காத்திருக்காமல் அப்போதே திருப்பிவிட வேண்டும். இரண்டாம் பக்கத்துக்கு 30 முதல் 40 நொடி கொடுங்கள், பழுப்புப் புள்ளிகள் நன்றாக விழட்டும்.

இப்போது பக்கத்து பர்னரில் தீ முழுதாக இருக்கட்டும். இடுக்கியால் எடுத்து, குறைவாக வெந்த அந்த முதல் பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி போடுங்கள். அது இன்னும் இளகலாக இருப்பதால் விரிந்து கொடுக்கும், மிச்ச வேக்காடும் அதற்கு இங்கேதான் கிடைக்கும். மூன்று முதல் ஐந்து நொடியில் பந்து போல எழும்பிவிடும். மறுபக்கம் இரண்டு நொடி காட்டினால் போதும். மொத்தம் பத்து நொடியைத் தாண்டினால் ஓரம் முறுகத் தொடங்கும்.

ஒரு பாதி மட்டும் உப்பினால் தேய்த்ததைப் பாருங்கள். நடுவில் மெல்லிதாகவும் ஓரத்தில் தடியாகவும் இருந்தால் அப்படித்தான் ஆகும். மடிப்போ கிழிசலோ இருந்தாலும் ஆவி அந்த வழியாக வெளியேறிவிடும். இடுக்கியின் நுனி குத்தினாலும் இதே கதைதான், அதனால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். மாவும் கெட்டியாக இருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் எளிதில் குழி விழும் பதத்தில் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தேயுங்கள்.

நம் வீடுகளில் எண்ணெய் தடவிச் சுடும் சப்பாத்தியை மட்டும் இப்படி நெருப்பில் போட வேண்டாம், எண்ணெய் சொட்டித் தீ எழும்பும். அதைத் தவாவிலேயே மடித்த துணியால் ஓரங்களில் மெல்ல அழுத்துங்கள், அங்கேயே உப்பும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி. உப்பியதை உடனே கையால் அமுக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஆவி விரலைப் பதம் பார்த்துவிடும்.