ஒத்திவைத்த வெபினாரும் ஏற்கெனவே பதிந்தவர்களும்: கேள்வி பதில்

கல்லூரி உதவிப் பேராசிரியர், திருச்சி: அக்கா, பேச்சாளருக்கு உடம்பு சரியில்லை. அக்டோபர் 18 வெபினாரை நவம்பர் 1க்கு மாற்றுகிறோம், அதே இரவு 7 மணி. 200 பேர் பதிந்திருக்கிறார்கள். ஜூமில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?

அழிக்காதீர்கள். அதே வெபினாரில் Edit போய்த் தேதியை மட்டும் மாற்றுங்கள். பதிந்த ஒவ்வொருவருக்கும் ஜூம் தனித்தனி லிங்க் கொடுத்திருக்கிறது. வெபினாரை அழித்தால் 200 லிங்க்கும் செத்துப்போகும். தேதியை மட்டும் மாற்றினால் அதே லிங்க் நவம்பரிலும் வேலை செய்யும். நான் ஒருமுறை அவசரத்தில் Delete அழுத்திவிட்டு, பாதிப் பேரைத் திரும்பப் பிடிக்கவே ஒரு வாரம் அலைந்தேன்.

தேதியை மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. பதிந்தபோது தங்கள் காலண்டரில் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அங்கே இன்னும் 18ஆம் தேதிதான் இருக்கும், அது தானாக மாறாது. ஆகவே நீங்களே ஒரு மெயில் எழுதுங்கள். தலைப்பிலேயே விஷயம் வந்துவிட வேண்டும். "முக்கிய அறிவிப்பு" என்று போட்டால் பாதிப் பேர் திறக்கமாட்டார்கள். எனக்கு எழுத வேண்டியிருந்தால் இப்படி எழுதுவேன்:

*தலைப்பு: வெபினார் அக்டோபர் 18 இல்லை, நவம்பர் 1 ஞாயிறு இரவு 7 மணி*

*பேச்சாளருக்கு உடல்நலம் சரியில்லாததால் வெபினாரை ஒத்திவைக்கிறோம். உங்கள் பதிவு அப்படியே செல்லும், மறுபடி பதிய வேண்டாம். பழைய லிங்க்கே போதும். காலண்டரில் குறித்திருந்தால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். புதிய தேதி ஒத்துவராதவர்கள் மட்டும் இந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்கள்.*

முகவரிகளை BCCயில் போடுங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் வரம்பு, உங்கள் 200க்கு அது தாராளம். 18ஆம் தேதி காலையில் இன்னொரு தடவை அனுப்புங்கள். அன்று இரவு 7 மணிக்கு வந்து காத்திருப்பவர்கள் முதல் மெயிலைப் பார்க்காதவர்களாகத்தான் இருப்பார்கள்.

லண்டன் வாசகர்: இப்படித்தான் ஒரு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தார்கள். இந்திய நேரம் மாறவில்லை என்று நம்பி உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிட்டது!

நல்ல நேரத்தில் சொன்னீர்கள், திருச்சிக்காரருக்கும் இது வேண்டும். பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். 18ஆம் தேதி இந்திய நேரம் இரவு 7 என்றால் லண்டனில் மதியம் 2:30. நவம்பர் 1 அன்று அதே 7 மணி அங்கே 1:30. சிங்கப்பூரில் இரண்டு நாளும் 9:30தான், அங்கே கடிகாரத்தைத் தொடுவதில்லை. வெளிநாட்டவர் பதிந்திருந்தால் அந்தந்த ஊர் நேரத்தை மெயிலில் எழுதிவிடுங்கள்.

தொண்டு நிறுவனத் தன்னார்வலர், மதுரை: எல்லாரையும் மறுபடி பதியச் சொல்வதுதான் சரி. அப்போதுதான் உண்மையில் வருபவர் எத்தனை என்று தெரியும்.

எண்ணிக்கை தெரியும் என்பது சரிதான். ஆனால் தேதி மாறியது நம்மால், வேலையை அவர்கள் தலையில் ஏன் கட்டுவது? மறுபதிவு கேட்டால், வர விரும்பி மெயிலைப் பார்க்காதவரும் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார். 25 நாற்காலி, சாப்பாடு என்று நேரடிப் பயிலரங்கானால் உங்கள் பக்கம் சாய்வேன். அங்கேயும் "வருகிறீர்களா?" என்று ஒரு போன் போட்டுக் கேட்டால் போதுமே.

கைவினைப் பயிற்சியாளர், கோவை: என் பயிலரங்குக்கு 600 ரூபாய் கட்டணம். அதையும் அப்படியே புதிய தேதிக்கு நகர்த்திவிடலாம்தானே?

பதிவை நகர்த்தலாம், பணத்தைக் கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது. ரீஃபண்ட் கேட்க ஒரு கடைசி நாள் சொல்லுங்கள், அது புதிய தேதிக்குச் சில நாள் முன்பு வரை இருக்கட்டும். முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் பல பேமெண்ட் கேட்வேக்கள் தங்கள் கமிஷனைத் திருப்பித் தருவதில்லை, அந்த நஷ்டம் நம்முடையது. பணம் அவர் கணக்குக்குப் போய்ச் சேரச் சில வேலை நாட்கள் ஆகும் என்றும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே போன் வரும்.

மாணவி, சேலம்: போன மாதம் பதிந்த வெபினாருக்குச் சான்றிதழ் வரவில்லை. மறுபடி பதியணுமா அக்கா?

அது நடந்து முடிந்த வெபினார்தானே? அப்படியானால் இங்கே பேசுவது வேறு விஷயம் அம்மா. நடத்தியவர்களுக்கு எழுதுங்கள், பதிந்த அதே மெயில் முகவரியிலிருந்து.

திருச்சி பேராசிரியர் மறுபடி: பேச்சாளருக்கு என்ன நோய் என்று சொல்லணுமா? நவம்பர் 1க்குள் தேறுவாரா என்றும் நிச்சயமில்லை.

நோயின் பெயர் வேண்டாம், அது அவர் சொந்த விஷயம். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்றும் எழுதாதீர்கள், ஆள் சேரவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். "உடல்நலம்" போதும்.

தேதி நிச்சயமில்லை என்றால் நவம்பர் 1ஐ அறிவிக்காதீர்கள். மேலே கொடுத்த மெயிலில் தலைப்பையும் புதிய தேதி பற்றிய வரிகளையும் மாற்றி, "புதிய தேதியை அக்டோபர் 25க்குள் சொல்கிறோம்" என்று எழுதி, அந்த நாளில் கட்டாயம் ஏதாவது சொல்லுங்கள். தேதியே இல்லாத மெயில் ஆர்வத்தைக் குறைக்கும் என்கிறவர்களும் உண்டு. இரண்டாம் தடவை ஒத்திவைப்பது அதைவிட மோசம் என்பது என் எண்ணம். பேச்சாளர் வீட்டில் கேட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.